வாப்பா செய்தி பார்க்க, டீவியில் வந்த பாட்டு

உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ரவுட்டர் வைத்திருப்பவர்கள் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

போன மாதம் ஒரு பின்னேரம் வாப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று செய்தி மறைந்து சினிமாப் பாட்டொன்று ஓடத் தொடங்கியது. ரிமோட் மேசையில்தான் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வளவுத் தம்பி வெட்கத்தோடு வந்து நின்றார். "டீச்சர், எங்கட டீவி எண்டு நினைச்சி தெரியாம அமத்திட்டன்."

நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் இரவில் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. அவருடைய போனுக்கு எங்கள் டீவி தெரிகிறது என்றால், எங்கள் இரண்டு மடிக்கணினிகளுக்கும் இடையில் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து வைத்திருக்கிற ஃபோல்டரும் தெரியும். தவணைப் பரீட்சை வினாத்தாள் அதற்குள்தான் இருந்தது.

நாங்கள் பாஸ்வேர்ட் கொடுத்தது வகுப்புக்கு வரும் மூன்று பிள்ளைகளுக்கு மட்டும். ஆனால் இப்போதைய போன்களில் வை-பை செட்டிங்ஸில் பகிர்வதை அமத்தினால் ஒரு கியூஆர் படம் வரும். அடுத்தவர் அதை ஸ்கேன் பண்ணினால் போதும், பாஸ்வேர்டை யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. மூன்று பேர் எத்தனை பேரானார்களோ!

அன்றிரவே ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தோம். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தோம். சில ரவுட்டர்களுக்கு 192.168.0.1. முகவரியும் நுழையும் பெயரும் ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். முதலில் இந்தப் பக்கத்துக்கான பாஸ்வேர்டை மாற்றினோம். அது வை-பை பாஸ்வேர்ட் அல்ல, வேறொன்று. அதைக் கடையில் வந்தபடியே விட்டால், உள்ளே வந்த எவரும் இந்தப் பக்கத்தைத் திறக்கலாம்.

அடுத்து Security என்ற இடம். எங்களுடையதில் WPA/WPA2, அதன் கீழே TKIP+AES என்று இருந்தது. இது பழைய போன்களையும் சேர்த்துக்கொள்வதற்கான கலவை. TKIP பழைய பூட்டு. அதில் இணைகிற கருவியின் வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. WPA2-PSK, AES என்று மாற்றி, வை-பை பாஸ்வேர்டையும் புதிதாக வைத்தோம். Save அமத்தியதும் வீட்டில் எல்லாப் போனும் அறுந்துபோகும், பயப்பட வேண்டாம். உம்மாவின் போன் மட்டும் அடம்பிடித்தது. அதில் பழைய வை-பை பெயரை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்ததும் சரியானது. உங்களுடையதில் WPA2/WPA3 இருந்தால் அதைத் தெரிவு செய்யலாம். WPA3 மட்டும் என்று வைத்தால் பழைய போன்கள் சேராமல் போகலாம்.

இனி Guest Network. அதை ஓன் பண்ணி வேறு பெயரும் வேறு பாஸ்வேர்டும் கொடுத்தோம். அதற்கும் WPA2 போட வேண்டும், சிலதில் அது பூட்டில்லாமலே திறக்கும். அதே பக்கத்தில் விருந்தாளிகள் வீட்டுக் கருவிகளைப் பார்க்கலாமா என்று கேட்கும் ஒரு கட்டம் உண்டு. எங்களுடையதில் Allow guests to access my local network என்று இருந்தது. அதில் சரி அடையாளம் இருக்கவே கூடாது. இருந்தால் பெயர்தான் இரண்டு, வீடு ஒன்றுதான். சரிபார்க்க ஒரு போனை விருந்தாளி வை-பையில் சேர்த்து யூடியூப் திறந்து, டீவிக்கு அனுப்பும் அடையாளத்தை அமத்தினோம். எங்கள் டீவியின் பெயர் வரவில்லை. 192.168.1.1-உம் திறக்கவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். விருந்தாளி பாவிப்பதும் எங்கள் டேட்டாப் பொதியிலிருந்துதான் போகும். அதனால் வகுப்பு முடிந்ததும் அதை ஓஃப் பண்ணுகிறோம்.

இதையெல்லாம் செய்தும் பின் அறையில் வீடியோ நின்று நின்றுதான் ஓடியது. அதற்குக் காரணம் Channel. 2.4 கிகாஹேர்ட்ஸில் சனல்கள் நெருக்கி நெருக்கி இருப்பதால், பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றையொன்று தொடாதவை. போனில் வை-பை அனலைசர் செயலியால் பார்த்தோம். சுற்றியிருந்த நான்கு வீடுகள் 6-இல், இரண்டு 11-இல், நாங்கள் 4-இல். "4-இல் யாருமே இல்லையே, நல்லதுதானே" என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. ஒரே சனலில் இருக்கிற ரவுட்டர்கள் மற்றது பேசுவதைக் கேட்டு, முறை வைத்துப் பேசும். 4-இல் இருந்தால் 6-இல் உள்ளவர்களின் பேச்சு எங்களுக்கு வெறும் இரைச்சல், எங்களுடையது அவர்களுக்கும் அப்படியே. அவர்களையும் நாங்கள்தான் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்!

Auto-வை எடுத்துவிட்டு 1 என்று வைத்தோம். Channel Width-ஐ 40-இலிருந்து 20 ஆக்கினோம். 40 என்றால் இரண்டு சனலின் இடத்தை ஒரே வீடு பிடித்துக்கொள்ளும். இப்போது பின் அறையில் வீடியோ நிற்காமல் ஓடுகிறது.

யாருக்காவது அந்தப் பக்கம் விளங்காவிட்டால் படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். பாஸ்வேர்ட் தெரிகிற இடத்தை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.