சாவி கொடுத்த பிறகு

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்த அன்று நான் செய்த தவறு, அட்வான்ஸ் கைக்கு வருமுன்னே சாவியைக் கொடுத்தது. 2022 மே 31. "அடுத்த ஆள் வரட்டும் சார், அதுல வாங்கித் தரேன்" என்றார் வீட்டுக்காரர். ஜூலை வந்ததும் பேச்சு மாறியது. பெயின்டுக்கே முப்பத்தைந்தாயிரம் ஆகுமாம்.

கோபத்தில் முதலில் எழுதிய கடிதம் இரண்டு பக்கம். நான்கு வருடம் ஒரு நாள் கூடத் தவறாமல் வாடகை கொடுத்ததெல்லாம் அதில் இருந்தது. எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்பது மட்டும் இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒப்பந்தத்தை எடுத்தேன். கையெழுத்திட்ட நாளில் யார்தான் அதைப் படிக்கிறார்கள்?

நான்காவது ஷரத்து எனக்குச் சாதகம்: வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கும்போது, பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸை வட்டியில்லாமல் திருப்பித் தர வேண்டும். ஒன்பதாவது ஷரத்து எனக்கு எதிர்: பெயின்டுக்காக ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம். அதை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஒப்பந்தத்தின் நகலைக் கடிதத்தோடு இணைக்கப் போகிறேன். அவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். நானே எழுதிவிட்டால் பெயின்டுக்கு 14,000 ரூபாய்தான், 35,000 இல்லை என்பதும் அதே வரியில் தீர்ந்துவிடும்.

உண்மையான சிக்கல் வேறு. வாடகை 12,000-லிருந்து 14,000 ஆனபோது, பத்து மாதக் கணக்குப்படி அட்வான்ஸில் 20,000 கூடுதலாகக் கொடுத்திருந்தேன். புது ஒப்பந்தம் போட்ட புரோக்கர் பழையதையே நகலெடுத்து வாடகையை மட்டும் திருத்தியிருந்தார். அட்வான்ஸ் 1,20,000 என்றே நின்றது. நல்லவேளை, அந்த இருபதாயிரத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்தேன். ஒப்பந்தத்தில் இல்லாததை வங்கிக் கணக்குத் தாள் சொல்லட்டும் என்று, அந்த வரிக்கு அடிக்கோடிட்டு இணைத்தேன்.

கடைசியில் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. கொடுத்தது 1,40,000. கழிவு: பெயின்ட் 14,000, கடைசி மின் கட்டணம் 1,840. வர வேண்டியது 1,24,160. சாவி வாங்கிக்கொண்டதற்கு அவரே வாட்ஸப்பில் அனுப்பிய "ஓகே சார்" என்பதன் படமும் சேர்ந்தது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்கிறது. அதையும் ஒரே வாக்கியத்தில் குறிப்பிட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. சண்டைக்குத் தயாராகவே எடுத்தேன்.

"கரண்டு பில் 1,900 சார். அறுபது ரூபா குறைச்சுப் போட்டிருக்கீங்க."

மன்னிப்புக் கேட்டேன். 1,24,100 ரூபாய் அன்று மாலையே கணக்கில் ஏறியது.