என் பேரில் ஒரு கடன்

போன ஆனி மாதம் அவள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது, காசு கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜவ்வாது மலையில் அந்த மாதம் யார் கையிலும் பணம் இருக்காது. புளி விற்ற காசு சித்திரையோடு தீர்ந்துவிடும். சாமை அப்போதுதான் விதைப்பில் இருக்கும். அறுவடைக்கு மார்கழி ஆகும். ஆனால் கல்லூரிகள் ஃபீஸ் கேட்பது ஆனியில்தான்.

அவளும் நானும் ஜமுனாமரத்தூர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அவள் மகள் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பெண்ணுக்கு நர்ஸிங்கில் இடம் கிடைத்திருந்தது. 40,000 ரூபாய் வேண்டும்.

"உங்கிட்ட இருக்கிற காசைக் கேக்கலடி. வாரக்கடன்காரன்கிட்ட உம் பேருல எடுத்துக் குடு. கட்டறது நான்" என்றாள். அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு வாரக்கடன் இருந்தது. மூன்றாவது கிடைக்காது. என் பெயர் சுத்தமாக இருந்தது.

கேட்பதற்குச் சின்ன உதவிபோல இருக்கும். என் கைக்காசு ஒன்றும் போகாது. ஒரு கையெழுத்து, ஆதார் நகல், ஒரு போட்டோ, அவ்வளவுதான். மறுத்தால் என்ன நடக்கும் என்பதையும் அவளே சொன்னாள். அவள் புருஷன் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவான். எந்த வேலைக்கு என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றது. அதில் எங்கள் மலைக்காரர்களும் இருந்தார்கள். அட்வான்ஸ் என்ற சொல்லுக்கு இங்கே அதற்குப் பிறகு வேறு அர்த்தம்.

இருந்தும் நான் மாட்டேன் என்றேன். அன்றைக்கே சொன்னேன். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று தள்ளிப்போடவில்லை. புருஷனைச் சாக்காக வைத்து மறுப்பது நாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அப்படிச் சொன்னால் என் பெயர்மீது அவருக்குத்தான் உரிமை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதோடு அவள் நான்கு நாள் நம்பிக் காத்திருப்பாள். வேறு வழி தேடும் நாட்களும் அதிலேயே போய்விடும். "எங்கிட்ட இல்ல" என்ற பொய்யும் இங்கே செல்லாது. யார் வீட்டுப் புளி என்ன விலைக்குப் போனது என்று ஊருக்கே தெரியும்.

காரணத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. "நீ கட்ட மாட்டேன்னு நான் நெனக்கல" என்று ஆரம்பித்து, ஒரு நோட்டை எடுத்து இரண்டு பேருமாகக் கணக்குப் போட்டோம். 40,000 ரூபாய்க்கு வாரம் 870, 52 வாரம். மொத்தம் 45,240. அவளுடைய பழைய தவணைகள் வாரம் 600, 700. மூன்றையும் கூட்டினால் 2,170. அந்த மாதங்களில் நூறு நாள் வேலையும் அவள் புருஷன் கூலியும் சேர்ந்து நல்ல வாரத்தில்தான் 2,000 வரும். வேலை இல்லாத வாரங்களும் உண்டு. வாரத் தவணைக்கு வாரச் சம்பளம் வேண்டும். எங்களுக்கோ சாமைக்கு ஒருமுறை, புளிக்கு ஒருமுறை என்று வருஷத்தில் இரண்டு முறைதான் காசு வரும். ஆக, ஆவணியிலேயே தவணை தவறும். அது அவள் குணத்தால் தவறுவது அல்ல, மழையும் பருவமும் அப்படி.

தவறினால் என்ன ஆகும் என்பதுதான் நான் மறுத்ததற்கு உண்மையான காரணம். வாரக்கடனுக்கு நகை கேட்பதில்லை, பத்திரம் கேட்பதில்லை. பெண்களைக் குழுவாக உட்காரவைத்துக் கொடுக்கிறார்கள். ஒருத்தி கொண்டுவராவிட்டால், வசூல்காரர் எழுந்து போவதற்குள் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். அங்கே அடமானமாக இருப்பது பெண்களுக்கு நடுவில் இருக்கும் நட்பும் வெட்கமும்தான். என் பெயரில் எடுத்தால் சிபிலில் கெடுவது என் பெயர். கூட்டத்தில் தலைகுனிவது நான். அந்தக் கோபத்தோடு நான் அவள் வீட்டுக்குப் போய் நிற்பேன்.

அது எனக்கு அனுபவத்தில் தெரியும். சில வருஷம் முன்பு என் சிறுவாட்டிலிருந்து அவளுக்கு 5,000 ரூபாய் கொடுத்தேன். கேட்கவே மாட்டேன் என்றுதான் கொடுத்தேன். ஆனால் அவள் திருவிழாவுக்குப் புதுப்புடவை கட்டியதும் என் கண் அதன் விலையைத் தேடியது. அவள் என் தெருவை விட்டுச் சுற்றுப்பாதையில் தண்ணீருக்குப் போனாள். பணம் திரும்பி வர எட்டு மாதம் ஆனது. பழைய பேச்சு திரும்ப அதைவிட அதிக நாள் ஆனது. அதையும் அன்று அவளிடம் சொன்னேன். "உன் புடவையை மறுபடி நான் வேவு பாக்கக் கூடாதுடி" என்றேன்.

அவள் "உன் மனசு கல்லு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் நானே போனேன். மறுத்தவள்தான் முதலில் போக வேண்டும் என்று நினைக்கிறேன். 3,000 ரூபாய் எடுத்துப் போயிருந்தேன். "இது கடன் இல்ல. சித்தி பொண்ணுக்குக் குடுக்கறது. நோட்டுல எழுதாத" என்றேன். போனாலும் மனம் வலிக்காத தொகை எனக்கு அவ்வளவுதான். அவள் முகம் கொடுக்கவில்லை, மகள்தான் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணும் நானும் மலையிறங்கிக் கல்லூரிக்குப் போய்க் கேட்டோம். சேரும்போது 20,000 கட்டினால் போதும், பழங்குடி மாணவர்களுக்கான உதவித்தொகை வந்ததும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 40,000 என்ற எண்ணை யாரும் அதுவரை பிரித்துக் கேட்டிருக்கவில்லை.

எங்கள் மகளிர் குழுவில் நான் ஊக்குநர். அவள் உறுப்பினர். உள்கடன் கேட்கச் சொல்லி அவள் மகளிடம் சொல்லி அனுப்பினேன். கூட்டத்தில் அவள் கேட்டாள், நான் பேசாமல் இருந்தேன். பன்னிரண்டு பேரும் பேசி 15,000 கொடுத்தார்கள். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. வட்டி 150 மட்டும் மாதாமாதம், அசல் சாமை விற்றதும் பாதி, புளி விற்றதும் பாதி. தீர்மான நோட்டில் அவள் பெயரில், அவள் கையெழுத்தில் ஏறியது. அதுவும் கடன்தான், எங்கள் எல்லோருடைய சேமிப்பும்தான். ஆனால் இருட்டில் இரண்டு பேருக்குள் இல்லை. மீதி 2,000க்கு ஒரு ஆட்டை விற்றாள். அவள் புருஷன் அட்வான்ஸ் இல்லாமல் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போனான்.

கூட்டத்தைத் தவிர வேறெங்கும் அவள் என்னோடு பேசவில்லை. பத்தொன்பது நாள் எண்ணினேன். ஆண் மறுத்தால் கறாரான ஆள் என்பார்கள். பெண் மறுத்தால் மனசில்லாதவள். அந்தப் பேரைச் சுமந்துகொண்டுதான் தண்ணீருக்குப் போனேன். இருபதாம் நாள் அவள் ஒரு பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். சுற்றுப்பாதையில் வரவில்லை, என் தெரு வழியாகவே வந்தாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டு பேரும் உரித்தோம். பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

சாமைக்குப் பாதி அசல் கட்டிவிட்டாள். மிச்சம் புளிக்கு. போன வாரம் அவளுடைய ஓரகத்தி, "அக்கா, உங்க பழைய கடன் ஒண்ணு முடிஞ்சிருச்சே, உங்க பேருல எடுத்துக் குடுங்களேன்" என்று கேட்டாளாம். "எம் பேரு எனக்கு வேணும்னு சொல்லிட்டேன்டி" என்றாள் என்னிடம். சொன்னதோடு நிற்காமல், நோட்டை எடுத்துக்கொண்டு ஓரகத்தியோடு கணக்குப் போட உட்கார்ந்தாளாம்.