ஐந்நூறு ரூபாயில் நான்கு ஊசி

மதுரைப் புறநகரில் ஒரு விலங்குக் காப்பகம். நன்கொடையாளர்களுக்கு மாதாமாதம் அவர்கள் அனுப்பும் கடிதத்தில், "மாதம் 500 ரூபாய் கொடுத்தால் ஒரு நாய்க்கு நான்கு ஊசி போடுவோம்" என்று எழுதியிருந்தார்கள். என்ன ஊசி, ஏன் நான்கு என்று தெரிந்துகொள்ள அங்கே போனேன்.

வியாழக்கிழமை அவர்களுக்கு ஊசி நாள். மேசைமேல் செவலை நிறப் பெண் நாய் ஒன்று. பிறப்புறுப்பில் பூக்கோசு போலப் புடைத்த கட்டி. அதிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "தெருவில் பார்ப்பவர்கள் பருவத்துக்கு வந்திருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வாரக்கணக்கில் ரத்தம் நிற்காவிட்டால் சந்தேகப்பட வேண்டும்" என்றார் மருத்துவர். இது நாய்களிடையே தொற்றும் புற்றுநோய். கிருமி எதுவும் இதைப் பரப்புவதில்லை. இணையும்போதும் நக்கும்போதும் கட்டியின் உயிரணுக்களே அடுத்த நாயின் உடலில் ஒட்டி வளர்கின்றன. மோந்து பார்த்த நாயின் மூக்கில்கூட வரும். கண்ணாடித் தகட்டைக் கட்டியில் ஒற்றி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்கிறார்கள்.

மருந்தின் பெயர் வின்கிறிஸ்டின். நம் ஊர் வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. வாரம் ஒரு முறை, நான்கு முதல் ஆறு வாரம் போட்டால் பெரும்பாலான நாய்களுக்குக் கத்தியே வைக்காமல் கட்டி கரைந்துவிடும்.

போடும் கைக்குத்தான் பழக்கம் வேண்டும். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா காஸ் துணியால் நாயின் வாயைக் கட்டி, கழுத்தைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டார். மறு கையால் முன்னங்காலைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்த, நரம்பு புடைத்து நின்றது. கம்பவுண்டர் முடியை மழித்து, கேனுலா ஏற்றி, முதலில் வெறும் சலைனைச் செலுத்தினார். தோலுக்கடியில் வீக்கம் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே மருந்து. பின்னால் மறுபடி சலைன். இந்த மருந்து நரம்புக்கு வெளியே துளி கசிந்தாலும் சதை வெந்து அழுகும். நாய் ஒருமுறை காலை உதறினால் போதும். "ஊசி போடுறது நான்னு சொல்லுவாங்க சார். பிடிக்கிறது அக்கா. பிடி தப்புனா என் வேலை ஒண்ணுமில்ல" என்றார் கம்பவுண்டர்.

செவலையின் எடை 20 கிலோ. கிலோவுக்கு 0.025 மில்லிகிராம் வீதம் அதற்கு வேண்டியது அரை மில்லிகிராம். குப்பியில் இருப்பது ஒரு மில்லிகிராம். அதனால் இரண்டு நாய்களை ஒரே நாளில் ஜோடி சேர்க்கிறார்கள். ஒரு குப்பி இரண்டுக்கும் ஆகிறது. இந்தக் கணக்கில்தான் ஒரு மாத மருந்து, கேனுலா, சலைன், கையுறை எல்லாம் 500 ரூபாய்க்குள் அடங்குகின்றன. சோறு, கோழிக்கால், அக்காவின் சம்பளம் ஆகியவை இதில் சேரவில்லை. அவற்றுக்குப் பெரிய நன்கொடைகளை நம்பியிருக்கிறோம் என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்தம் எடுத்து வெள்ளணுக்களை எண்ணுகிறார் மருத்துவர். மருந்து அவற்றைக் குறைக்கும். எண்ணிக்கை கன மில்லிமீட்டருக்கு 4000-க்குக் கீழே இறங்கினால் அந்த வாரம் ஊசி இல்லை. பின்னர் செவலைக்கும் மூன்றாவது வாரம் அப்படி ஆனது. ஊசி தள்ளிப்போக, கூண்டில் இன்னும் ஒரு வாரம். சோற்றைத் தொடவில்லை, அக்கா கோழிச்சாறை ஊட்டினார். ஊசி போட்ட பிறகு சில நாட்கள் மருந்து மூத்திரத்திலும் மலத்திலும் வெளியேறும் என்பதால் அந்தக் கூண்டைக் கையுறை இல்லாமல் யாரும் கழுவுவதில்லை.

இரண்டு ஊசியிலேயே ரத்தம் நின்று கட்டி பாதியாகச் சுருங்கிவிடுகிறது. ஆபத்து அங்கேதான். குணமாகிவிட்டதென்று நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும். அப்போது இதே மருந்துக்கு மசியாமலும் போகலாம். கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுதும் மறையும்வரை போட வேண்டும். அதன்பின் கருத்தடை, வெறிநாய்த் தடுப்பூசி, காதில் அடையாள வெட்டு. பிறகு பிடித்த அதே தெருவில் விடுகிறார்கள்.

விபத்தில் கால் நசுங்கிய நாயின் படம் போட்டால் ஒரே நாளில் பணம் வந்துவிடுகிறது என்றார் மருத்துவர். இந்த நோய்க்கு அப்படிக் காட்டக்கூடிய படமில்லை. நான்காவது வாரத்து நாய் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் ஊசி அதற்கு இன்னும் தேவை. ஆகவே மாதாமாதம் உறுதியாக வரும் தொகையைக் கூட்டிப் பார்த்து, அதற்கு எத்தனை நாய்களோ அத்தனையைத்தான் சிகிச்சைக்கு எடுக்கிறார்கள். கடிதத்தின் கடைசி வரியும் அதைத்தான் கேட்கிறது: நிறுத்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள், தொடங்கிய நாய்க்கு முடித்துவிட்டுப் புதிதாக எடுப்பதைக் குறைத்துக்கொள்கிறோம்.