ஊஞ்சல் நின்றது எப்படிக் கேட்கும்?

மேடை நாடகத்தில் காலி ஊஞ்சலைக் காட்ட ஒரு விளக்கு போதும். காதுக்கு அதை எப்படிக் காட்டுவது? கல்லூரிகளுக்கிடையே நடந்த ஒலி நாடகப் போட்டிக்கு எழுத உட்கார்ந்த நாட்களில் என்னைப் பிடித்து ஆட்டிய கேள்வி இதுதான். 15 நிமிட நாடகம். திரைக்குப் பின்னால் ஒரே மைக். ஊர் திரும்பும் மகன், அப்பா இல்லாத வீட்டுக்குள் நுழைகிறான், கதை அவ்வளவுதான்.

முதல் படியில், "ஐயோ, அப்பா ஊஞ்சல் காலியா கிடக்கே!" என்று மகனே சொல்லிவிடுவான். நாங்கள் வாசிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்ளும் தமிழ்த்துறை ஐயா, "தனியா நிக்கிறவன் இதை யாருக்குப்பா சொல்றான்?" என்றார்.

அவர்தான் ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய 'டேஞ்சர்' பற்றிச் சொன்னார். 1924 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பியது. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகம் என்பார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்துபோகிறது. கேட்பவருக்குத் தெரியாதது பாத்திரங்களுக்கும் தெரியாது. கெட்டிக்கார ஏற்பாடு! ஆனால் எல்லாக் கதையையும் சுரங்கத்தில் இறக்க முடியாதே.

மழையும் படுத்தியது. நிஜ மழையைப் பதிவு செய்தால் கடலை வறுப்பதுபோல் கேட்டது. மழை எதன்மேல் விழுகிறது என்று தெரிந்தால்தான் அது மழை. தகரத் தட்டில் அரிசியைத் தூவினோம். ஓட்டுச் சார்ப்பு வந்துவிட்டது. அம்மா வேடக்காரி மைக்குக்கு முதுகைக் காட்டி ஆறடி தள்ளி நின்று பேசியதும், சமையலறையும் எழும்பிவிட்டது. எழுத்துப் படியில் வசனத்துக்குப் பக்கத்திலேயே "தூரத்திலிருந்து", "நெருங்கியபடி" என்று குறித்துவைக்காவிட்டால் நடிப்பவர்கள் எல்லாரும் மைக்கை மொய்த்துக்கொள்வார்கள்.

ஊஞ்சலுக்கும் வழி அப்படித்தான் திறந்தது. இல்லாமல் போனது காதில் உறைக்க வேண்டுமென்றால், முன்பு அது இருந்தது காதில் பழகியிருக்க வேண்டும். அதனால் முதல் காட்சியில் அப்பா பேசும் இடமெல்லாம் கிரீச்சை எழுதினேன். போக ஒன்று, வர ஒன்று. கோபம் வந்தால் அவர் காலை ஊன்றுவார், சங்கிலி நிற்கும், அதற்கப்புறம்தான் பேச்சு. ஊஞ்சல் நின்றால் ஏதோ வரப்போகிறது என்று கேட்பவருக்குப் பழகிவிடும். கிரீச் சத்தத்தைத் துருப்பிடித்த மடக்கு நாற்காலி ஒன்று கொடுத்தது. கடைசிக் காட்சியில் அதே கூடம், அதே மழை, மகனின் செருப்புச் சத்தம். "அப்பா?" என்கிறான். சங்கிலி இல்லை. ஐந்து நொடி மழை மட்டும். "காலியா" என்ற சொல்லை அடித்துவிட்டேன்.

ஒரு குறை மட்டும் போகவில்லை. மகனுக்கு ஒரு தம்பியையும் எழுதியிருந்தேன். அண்ணனும் தம்பியும் ஒரே தொண்டை; யார் பேசுகிறார்கள் என்று ஐயாவே தடுமாறினார். தம்பியாக நடித்த நண்பன் மனம் நோகுமென்று அந்தப் பாத்திரத்தை வெட்டாமல் விட்டோம்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கிய நாடகத்தில் மொத்தமே இரண்டு குரல்கள்: ஒரு பாட்டி, ஒரு பேரன்.