58-க்குப் பதில் 85

அம்மாவுக்குத் தீபாவளி பஸ் டிக்கெட் எடுக்க, ஒரு டிக்கெட் இணையத்தளத்தில் அவர் பெயரில் கணக்கு தொடங்கிக்கொண்டிருந்தேன். வேலை நேரம்தான், இரண்டு பாட்டு ஓடும் இடைவெளியில் முடித்துவிடலாம் என்று நினைப்பு. 'உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் அனுப்பப்பட்டது' என்று திரை சொன்னது.

"ஒன்னும் வரலையே, பாப்பா," என்றார் அம்மா போனில். 'ஸ்பேம்' பெட்டியையும் பார்க்கச் சொன்னேன். 'மீண்டும் அனுப்பு' பொத்தானை இரண்டு தடவை அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் திரையிலிருந்த முகவரியை நிதானமாகப் படித்தேன். அம்மா பிறந்த ஆண்டு 58. நான் தட்டியிருந்தது 85. மூன்று கடிதங்களும் யாரோ ஒருவருக்குப் போயிருக்கின்றன!

அப்படி ஒரு முகவரியே இல்லாவிட்டாலும் நமக்குத் தெரியாது. திரும்பி வரும் கடிதம் அனுப்பிய நிறுவனத்துக்குத்தான் போகும். நம் திரை 'அனுப்பப்பட்டது' என்றே காட்டும்.

"அந்த ஆளுக்கே எழுதி, லிங்க்கை அனுப்பச் சொல்லேன்," என்றார் பக்கத்திலிருந்த சக அறிவிப்பாளர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த லிங்க்கை யார் அழுத்தினாலும், நானே அழுத்தினாலும், உறுதியாவது அந்தத் தப்பு முகவரிதான். 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று போனால் இன்னும் மோசம். புதிய கடவுச்சொல் வைக்கும் லிங்க்கும் அவருக்கே போகும்; அம்மாவின் பெயரும் போன் நம்பரும் உள்ள கணக்கின் சாவியை நானே கொடுத்த மாதிரி.

நல்ல வேளை, கணக்கிலிருந்து நான் வெளியேறவில்லை. சுயவிவரப் பக்கத்தில் மின்னஞ்சலைத் திருத்தும் இடம் இருந்தது. கடவுச்சொல்லை ஒருமுறை கேட்டுவிட்டு, சரியான முகவரிக்குப் புதிய லிங்க் அனுப்பியது. அம்மா அழுத்தினார், முடிந்தது. முகவரியை மாற்றியதும் பழைய லிங்க் செல்லாமல் போக வேண்டும். எல்லாத் தளமும் அவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று நம்பாமல் கடவுச்சொல்லையும் மாற்றினேன். அதுவரை வங்கி அட்டை எண்ணைக் கொடுக்கவில்லை, டிக்கெட்டும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதுவும் 85-க்குத்தான் போயிருக்கும்.

வெளியேறி, மறுபடி நுழைய முடியாமல் போயிருந்தால் வாடிக்கையாளர் சேவையை அழைப்பதுதான் வழி. பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்குக் குறியீடு அனுப்பியோ, வேறு விவரம் கேட்டோ, கணக்கு நம்முடையதுதான் என்று உறுதி செய்துகொண்டு அவர்கள் மாற்றித் தருவார்கள். புதுக் கணக்கு தொடங்கலாம் என்றால், பல தளங்களில் 'இந்தக் கைப்பேசி எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று வந்து நிற்கும்.

இரவு டிக்கெட் வந்ததும் அம்மா அழைத்தார். "அந்தப் பிள்ளைக்கு மூணு கடிதம் போயிருக்கே, பயந்திருக்காதா?"

'நீங்கள் பதிவு செய்யவில்லை என்றால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்' என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி இருக்கும் என்றேன்.

"அதையெல்லாம் யாருடி படிக்கிறா?" என்றார்.