இரண்டு நிமிட அறிமுகவுரை

நான் நன்றாக மேடையில் பேசுவேன் என்று விடுதியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. தமிழ் மன்றத்து நண்பர்கள் கொடுத்த பெயர் அது. எனக்கும் அதில் ஒரு சிறு செருக்கு இருந்தது, மறைப்பானேன்? சென்ற கோடை விடுமுறையில், மூணாற்றுக்கு அப்பால் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தச் செருக்கு கரைந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் பெரியம்மா ஓர் ஆஷா பணியாளர். 2005ஆம் ஆண்டு தொடங்கிய ஊரக நலத் திட்டத்தின்கீழ், ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று ஊர்ப் பெண்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இவர்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சென்று தாயையும் சேயையும் பார்த்து வருவது அவர்கள் கடமைகளுள் ஒன்று. இதைப் பற்றி ஒருநாள் பயிற்சி நடக்க இருந்தது. பயிற்சி தர வருபவர், பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் செவிலியர் ஒருவர்.

"தம்பி, உனக்குத் தமிழும் வரும், மலையாளமும் வரும். வர்றவங்களை நாலு வார்த்தை சொல்லி அறிமுகம் செஞ்சு வைப்பா" என்றார் பெரியம்மா.

நாலு வார்த்தையா? நான் மூன்று பக்கம் எழுதினேன். "கற்றறிந்த சான்றோரை இக்கவினுறு மேடையில்" என்று தொடங்கினேன். அவருடைய பட்டங்களை வரிசைப்படுத்தினேன். நடுவில், "படிக்காதவர்களுக்கும் புரியும் வண்ணம் எளிமையாகப் பாடம் நடத்துவார்" என்று ஒரு வரி. அந்த வரியைப் பெரிதும் கருணையுள்ள வரியென்று நினைத்திருந்தேன்.

பெரியம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு, "அந்தப் 'படிக்காதவங்க'ன்னு சொன்னியே, அது யாருப்பா?" என்றார். நான் விழித்தேன். "எட்டாவதோட நின்னவ அன்னைக்கு எந்தப் பக்கம் திரும்பி உட்காருவா? பி.ஏ. படிச்ச பொண்ணு பக்கத்திலேயே இருப்பா. நீ சொன்னதும் எல்லாரும் இவளைத்தான் பார்ப்பாங்க. அப்புறம் அவ வாயைத் திறப்பாளா?"

அப்போதுதான் முந்தைய ஒரு பயிற்சியைப் பற்றிச் சொன்னார். அன்று வந்த பயிற்சியாளரைக் கால்மணி நேரம் அறிமுகம் செய்தார்களாம். பட்டங்களும் பரிசுகளும் பொழிந்தனவாம். வகுப்பு மலையாளத்தில் நடந்தது. பச்சிளம் குழந்தைக்கு எவையெவை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்ற பட்டியலில் 'பனி' என்று ஒரு சொல் வந்தது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தேனிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்த ஒரு பெண் அதைத் தமிழில் 'பனி' என்றே நோட்டில் எழுதிக்கொண்டாள். மூணாற்றில் பனிக்கு என்ன பஞ்சம்? புல்லெல்லாம் வெளுக்கும் அந்தப் பனியைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் ஒரு லயத்துக்குப் போனபோது குழந்தையின் உடம்பு சற்றுச் சுட்டது. நோட்டைப் பார்த்தாள், காய்ச்சல் என்று அதில் இல்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று திரும்பிவிட்டாள். மறுநாள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. பாட்டி ஜீப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உடம்பில் கிருமி பரவியிருந்ததாம். பிழைத்துக்கொண்டது, ஆனால் பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம்.

"சந்தேகத்தைக் கேட்டிருக்கலாமே, பெரியம்மா?"

"அத்தனை பட்டம் சொன்ன பிறகு எப்படிக் கேட்பா?"

நான் மூன்று பக்கத்தையும் மடித்து வைத்தேன். அன்று மாலையே பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். மூன்றே கேள்விகள் கேட்டேன். தங்களை எப்படி அழைக்கட்டும்? வந்தவர்கள் வீடு திரும்பும்போது எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? அவர்களைப் போல வீடு வீடாக நடந்த அனுபவம் தங்களுக்கு உண்டா? அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் சரி, வர்றவங்களைப் பத்தி எனக்கு யார் சொல்றது?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. அறிமுகம் என்பது ஒரு பக்கத்துக் காரியம் என்றே நினைத்திருந்தேன். பெரியம்மாவிடம் கேட்டுச் சொன்னேன்: இருபத்தாறு பேர், எட்டாவது முதல் பட்டப்படிப்பு வரை, பெரும்பாலோர் தமிழில் எழுதுபவர்கள், நாலு பேர் மலையாளத்தில் மட்டும். "பட்டத்தை விட்டுடுங்க, எத்தனை வருஷம் வேலை பார்த்தேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் அவர். அதன் நுட்பம் பிறகே விளங்கிற்று. பட்டத்தின் பெயர் எட்டாவது படித்தவருக்கு வெறும் ஒலி. இருபது ஆண்டு என்றால் அவருக்கும் புரியும், பி.ஏ. படித்தவருக்கும் நம்பிக்கை வரும்.

மறுநாள் நான் பேசியது இவ்வளவுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நமக்குச் சொல்லித்தர வந்திருக்கிறவங்களை 'சிஸ்டர்'னு கூப்பிடலாம். அவங்களே அப்படித்தான் கேட்டாங்க. ஊரு கொழிஞ்சாம்பாறை. வீட்டில் பேசுறது தமிழ். இருபது வருஷமா நர்ஸ் வேலை. அதில் பாதி நாள் அட்டப்பாடி மலையில் உங்களை மாதிரியே நடந்து போய்க் குழந்தை பார்த்தவங்க. சிஸ்டர், இவங்க இருபத்தாறு பேரும் தோட்டத்தில் எந்த லயத்தில் எந்தக் குழந்தை பிறந்ததுன்னு ஏடு பார்க்காமச் சொல்றவங்க. இன்னைக்கு ரெண்டு வேலை கத்துக்கப் போறோம்: குழந்தை மூச்சை ஒரு நிமிஷம் எண்ணுறது, எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு தெரிஞ்சுக்கிறது. பரீட்சை கிடையாது. எழுதணும்னு கட்டாயம் இல்லை, பார்த்துச் செஞ்சா போதும். பதினொரு மணிக்கு டீ. ஒரு சொல் புரியலைன்னா அப்பவே நிறுத்திக் கேளுங்க. நம்ம ஊரில் ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு."

இரண்டிரண்டு வாக்கியமாக நிறுத்தி, அவ்வப்போது மலையாளத்திலும் சொன்னேன். முழுவதையும் முதலில் ஒரு மொழியில் பேசிவிட்டால், மற்ற மொழிக்காரர்கள் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் தடுக்கவும் செய்தேன். பழக்கத்தால் 'பஹுமானப்பெட்ட சிஸ்டர்' என்று மலையாள மரியாதை வாயில் வந்துவிட்டது. தமிழ்ப் பெண்கள் பக்கத்தில் கிளுகிளுவென்று சிரிப்பு. எங்கள் பேச்சில் பகுமானம் என்றால் பெருமையடித்துக்கொள்வது! சிஸ்டரும் சிரித்தார். நல்ல வேளை, என் மூன்று பக்கத்தை விட அந்தத் தடுமாற்றம் அறையை இளக வைத்தது.

மூச்சு எண்ணும் பாடம் நடந்தது. துணியை விலக்கி, குழந்தை அமைதியாக இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அறுபதோ அதற்கு மேலோ போனால் அனுப்ப வேண்டும். எண்ணிக்கை தவறுபவர்கள் பத்துக்கு ஒரு புளியங்கொட்டை நகர்த்தினார்கள். மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியில் அதிகம் பள்ளி செல்லாத கிராமத்துப் பெண்களே வீட்டுக்கு வீடு பச்சிளங் குழந்தைகளைக் கவனித்து இறப்பைப் பெரிதும் குறைத்ததையும், 1999இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டதையும் சிஸ்டர் சொன்னார். அதையெல்லாம் அறிமுகத்தில் சொல்லியிருந்தால் யார் காதில் ஏறியிருக்கும்?

அறிமுகம் பலித்ததா என்பதை அறிய, டீ வருவதற்குள் முதல் கேள்வியை யார் கேட்கிறார் என்று பார் என்று பெரியம்மா சொல்லியிருந்தார். படித்த பெண் கேட்டால் அது வழக்கம்தான். நான் கதவோரம் நின்று காத்திருந்தேன். பத்தரை மணிக்குக் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தேனிப் பக்கத்துப் பெண்.

"சிஸ்டர், பனின்னு சொன்னீங்களே, அது காய்ச்சலா, குளிரா?"

"காய்ச்சல்தாம்மா. நல்லாக் கேட்டே" என்றார் சிஸ்டர். "ஆனா பச்சைக் குழந்தைக்குக் கிருமி ஏறினா சில சமயம் உடம்பு சுடாது, சில்லுன்னு ஆயிடும். ரெண்டுமே ஆபத்துதான். சுட்டாலும் அனுப்பு, சில்லிட்டாலும் அனுப்பு."

அவள் நோட்டைத் திறந்து, பழைய பட்டியலில் 'பனி' என்றிருந்ததை அடித்துவிட்டு, இரண்டு வரி எழுதினாள். பக்கத்திலிருந்த மூவர் அதை எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அவர்களுள் ஒருத்தி பி.ஏ.