மணியோசை வரும் முன்னே

டாக்குமென்டரிகளுக்கு சவுண்ட் மிக்ஸ் செய்வது என் பிழைப்பு. கோயில் படம் என்றால் டைரக்டர்கள் தவறாமல் சொல்வது இதுதான்: "சார், மணி கணீர்னு கேக்கணும். வாய்ஸும் க்ளியரா இருக்கணும்." ஒரே விநாடியில் இரண்டும் நடக்காது என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது.

சமீபத்தில் தஞ்சைப் பெரிய கோயில் பற்றி ஒரு படம் வந்தது. 'ஆயிரத்துப் பத்தாம் ஆண்டில் ராஜராஜன் இதைக் கட்டி முடித்தான்' என்ற வரியில், சரியாக 'பத்து' தலையில் மணி விழுந்திருந்தது. புரொடியூசர் கேட்டார்: "பத்தா, எட்டா?"

நியாயமான சந்தேகம். பேச்சில் சத்தமாக ஒலிப்பவை உயிரெழுத்துகள். வார்த்தையை அடையாளம் காட்டுகிற ட, த, ப போன்ற வல்லினங்கள் கண நேரத்தில் வந்து போகும் சின்ன வெடிப்புகள். அவற்றுக்கு முக்கியமான இடம் சுமார் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ். மணியின் முதல் 'டங்'கும் அங்கேதான் வந்து உட்காருகிறது.

மணியை மொத்தமாகக் குறைத்தால் தீராதா? குறைத்துப் பாருங்கள், ஆலய மணி சைக்கிள் மணியாகிவிடும். அதனால் 'டங்'கைத் தொடாமல் இடத்தை மாற்றினேன். வரிக்கு முன்னால் ஒன்றரை விநாடி இடைவெளி விட்டு, மணியை அங்கே முழுசாக அடிக்கவிட்டேன். குரல் ஆரம்பிக்கும்போது ரீங்காரத்தை அரை விநாடியில் பன்னிரண்டு டெசிபல் இறக்கி, ஈக்வலைசரில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் பள்ளம் தோண்டினேன். ஒரு தடவை கணீரென்று கேட்டுவிட்டால் போதும்; மீதியைக் காது தானாகவே நிரப்பிக்கொள்ளும்.

இதைத் தானாகச் செய்யும் 'டக்கிங்' வசதி உண்டு. ஆனால் குரல் நின்ற இடமெல்லாம் ரீங்காரம் எழும்பும், பேசினால் அமுங்கும். மணிக்கு மூச்சிரைப்பு வந்த மாதிரி இருக்கும். ஆகவே கையால்தான்.

அடுத்தது நிசப்தம். மணிக்கு முன்னால் புறாச் சிறகடிப்பையும் ஜன இரைச்சலையும் மெல்ல விலக்கினால் மணி பெரிதாகத் தெரியும். ஆனால் சுத்த சூனியமாக்கினால் ஸ்பீக்கர் ரிப்பேரோ என்று ஆளுக்கு ஆள் தட்டிப் பார்ப்பார்கள். பிராகாரத்தில் யாரும் பேசாதபோது பதிவு செய்த வெறும் காற்றொலி ஒரு நிமிஷம் தேவை. அதை குரலுக்கு இருபது டெசிபல் கீழே, படம் முழுக்க ஓடவிட வேண்டும்.

கடைசியாகப் பரீட்சை. ஹெட்போனை நம்பக்கூடாது. செல்போன் ஸ்பீக்கரில், குறைந்த சத்தத்தில் போட வேண்டும். அதில் மணியின் கனமான அடித்தொனி காணாமல் போய், வல்லினத்தோடு மல்லுக்கு நிற்கும் கூர்மை மட்டும் மிஞ்சும். தகராறு இருந்தால் உடனே தெரியும். கேட்பவர் ஸ்கிரிப்ட் படிக்காதவராக இருக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் வரி மனப்பாடம், குரலே இல்லாவிட்டாலும் கேட்கும்!

டீ கொண்டுவந்த பையனைக் கேட்கச் சொன்னேன். "ஆயிரத்துப் பத்து சார்" என்றான். யானை வரும் பின்னே என்று சும்மாவா சொன்னார்கள்?